ஒரு அட்டை, இரண்டு வழி: டேப் செய்யும்போது பணம் எந்த நெட்வொர்க்கில் போகிறது?

[திரை: ஆஸ்திரேலிய டெபிட் அட்டை ஒன்று. முன்புறம் விசா லோகோ. அட்டை திரும்புகிறது, பின்புறம் சிறியதாக eftpos லோகோ.]

இந்த அட்டையில் இரண்டு லோகோ இருக்கிறது. ஒன்று விசா. இன்னொன்று எஃப்ட்போஸ், ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு டெபிட் நெட்வொர்க். இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே வங்கிக் கணக்குதான். எந்த வழியில் போனாலும் கணக்கிலிருந்து கழியும் தொகை ஒன்றே. ஆனால் கடைக்காரர் தன் வங்கிக்குக் கட்டும் கட்டணம் வழிக்கு வழி மாறும். ஆகவே எந்த வழி என்று முடிவு செய்வது யார் என்பதுதான் கேள்வி. அட்டை கொடுத்த வங்கியா, கடையில் இருக்கும் மெஷினா, அட்டையை நீட்டுபவரா?

விடை சிப்புக்குள் இருக்கிறது. அங்கிருந்தே தொடங்கலாம்.

[திரை: சிப் பெரிதாகிறது. உள்ளே இரண்டு பெட்டிகள்.]

சிப் என்பது ஒரு குட்டிக் கணினி. ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் அதற்குள் தனி அப்ளிகேஷன் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஏஐடி என்ற அடையாள எண் உண்டு. விசா அப்ளிகேஷனின் எண் A0000000031010. எஃப்ட்போஸில் சேமிப்புக் கணக்குக்கான எண் A00000038410.

அட்டையை மெஷினில் காட்டியதும், மெஷின் முதலில் தொகையைப் பற்றிப் பேசுவதில்லை. "உன்னிடம் என்னென்ன இருக்கிறது?" என்று ஒரு பட்டியல் கேட்கிறது. டேப் செய்யும்போது அந்தப் பட்டியலின் பெயர் 2PAY.SYS.DDF01. அட்டைக்குப் போகும் கட்டளை இது:

```
00 A4 04 00 0E 32 50 41 59 2E 53 59 53 2E 44 44 46 30 31 00
```

அட்டை தரும் பதிலில், நமக்கு வேண்டியதை மட்டும் பிரித்து எழுதினால் இப்படி இருக்கும்:

```
4F A0000000031010   50 VISA DEBIT   87 01
4F A00000038410     50 EFTPOS SAV   87 02
```

4F என்பதை அடுத்து வருவது ஏஐடி. 50-ஐ அடுத்து வருவது திரையில் காட்ட வேண்டிய பெயர். 87-ஐ அடுத்து வருவது முன்னுரிமை எண். 1 என்றால் முதலிடம், 2 என்றால் இரண்டாமிடம். இந்த எண்ணை அட்டை தயாரிக்கும்போதே எழுதி வைப்பது அட்டை கொடுத்த வங்கி. நம் மாதிரி அட்டையில் விசாவுக்கு 1 என்று எழுதியிருக்கிறது.

இந்த ஓர் எண்தான் பல ஆண்டுகள் ஆஸ்திரேலியக் கடைகளின் செலவைத் தீர்மானித்தது.

[திரை: அட்டை மெஷினுக்குள் செருகப்படுகிறது. திரையில் CHQ, SAV, CR என்று மூன்று பொத்தான்கள்.]

முன்பு அட்டையைச் செருகுவார்கள். மெஷின் மூன்று பொத்தான் காட்டும். சேமிப்புக் கணக்குக்கான SAV அல்லது செக் கணக்குக்கான CHQ அழுத்தினால் எஃப்ட்போஸ். CR அழுத்தினால் விசா அல்லது மாஸ்டர்கார்டு. CR என்று எழுதியிருப்பதால் கடனாகப் போகிறது என்று நினைக்க வேண்டாம். டெபிட் அட்டையில் அந்தப் பொத்தானை அழுத்தினாலும் பணம் அதே சேமிப்புக் கணக்கிலிருந்துதான் போகும். வழி மட்டும்தான் வேறு. அதாவது அட்டை வைத்திருப்பவரே தன்னை அறியாமல் நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்.

டேப் வந்ததும் இந்தப் பொத்தான்கள் மறைந்துவிட்டன. அட்டை மெஷினுக்கு அருகில் இருப்பது அரை நொடியோ என்னவோ. அதற்குள் கேள்வி கேட்டுப் பதில் வாங்க முடியாது. எனவே மெஷின் முன்னுரிமை 1 எதுவோ அதை எடுத்துக்கொண்டு போய்விடும். கடைக்காரர் தேர்ந்தெடுக்கவில்லை, வாடிக்கையாளரும் தேர்ந்தெடுக்கவில்லை. சிப்பில் வங்கி எழுதிய எண் தேர்ந்தெடுத்தது.

இதை மாற்றுவதுதான் ஆஸ்திரேலியாவில் 'லீஸ்ட் காஸ்ட் ரூட்டிங்' எனப்படும் ஏற்பாடு: செலவு குறைந்த வழியில் அனுப்புவது. அந்நாட்டு ரிசர்வ் வங்கி தொடர்ந்து அழுத்தம் கொடுத்த பிறகே, 2018, 2019 வாக்கில் பெரிய வங்கிகள் தங்கள் மெஷின்களில் இதைத் தரத் தொடங்கின. அட்டையில் எதுவும் மாறவில்லை. மெஷினின் மென்பொருள்தான் மாறியது: பட்டியலை வாங்கியதும், 87-இல் இருக்கும் வரிசையை அப்படியே ஏற்காமல், கடைக்காரர் வைத்திருக்கும் விதிப்படி வரிசையை மாற்றிப் போட்டுக்கொள்கிறது.

[திரை: இரண்டு பில்கள். 5 டாலர் காபி. 60 டாலர் மளிகை.]

விதி எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கீழே வருபவை மாதிரிக் கட்டணங்கள். உங்கள் கடைக்கான விகிதம் உங்கள் வங்கி அனுப்பும் மாதாந்திர ஸ்டேட்மென்ட்டில் இருக்கும்.

விசா டெபிட்டுக்குத் தொகையில் 0.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். எஃப்ட்போஸுக்கு, தொகை எதுவானாலும் 15 சென்ட். 60 டாலர் பில்லுக்கு விசாவில் 30 சென்ட், எஃப்ட்போஸில் 15 சென்ட், பாதி மிச்சம். ஆனால் 5 டாலர் காபிக்கு விசாவில் இரண்டரை சென்ட்தான், எஃப்ட்போஸிலோ அதே 15 சென்ட். இரண்டும் சமமாவது 30 டாலரில். எனவே இந்தக் கடையின் விதி: 30 டாலருக்கு மேல் எஃப்ட்போஸ், அதற்குக் கீழே விசா.

எல்லாவற்றையும் எஃப்ட்போஸில் அனுப்பு என்று ஒரே சுவிட்சைப் போட்டுவிடும் காபிக் கடை, இந்தக் கட்டணத்தில் ஒவ்வொரு காபிக்கும் கூடுதலாக 12.5 சென்ட் கொடுக்கும். ஆகவே சுவிட்சைப் போடுவதற்கு முன் கேட்க வேண்டியவை இரண்டு. எஃப்ட்போஸ் கட்டணம் சதவீதமா, ஒரு பரிவர்த்தனைக்கு இவ்வளவு என்பதா? மெஷின் தொகை வரம்பு வைக்க விடுமா? சில மெஷின்களில் வரம்பு வைக்கலாம். சிலவற்றில் ஆன் அல்லது ஆஃப் மட்டும்தான்.

தொகை வரம்பு வேலை செய்ய வேண்டுமானால் டேப் செய்வதற்கு முன்பே தொகை மெஷினில் ஏறியிருக்க வேண்டும். பட்டியல் வந்த கணத்தில் முடிவு எடுக்கப்படுகிறது; தொகை பிறகு தெரிந்தால் பயனில்லை.

எல்லா அட்டைக்கும் ஒரே விகிதம் என்ற பிளானில் இருக்கும் கடைக்காரருக்கு ரூட்டிங்கால் நேரடியாக எதுவும் மிச்சமாகாது. விசாவோ எஃப்ட்போஸோ, அவர் கட்டுவது அதே சதவீதம். வித்தியாசம் மெஷின் கொடுத்த நிறுவனத்துக்குப் போகும். மிச்சம் வேண்டுமென்றால் நெட்வொர்க்வாரியாகக் கட்டணம் பிரித்துக் காட்டும் பிளானுக்கு மாற வேண்டும். ரூட்டிங் ஆன் செய்தும் பில் குறையவில்லை என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

[திரை: அச்சிட்ட ரசீது. AID வரியில் வட்டம்.]

உண்மையிலேயே எந்த வழியில் போனது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ரசீதைப் பாருங்கள். AID என்ற வரி இருந்தால் அது பொய் சொல்லாது. A000000003 என்று தொடங்கினால் விசா. A000000004 என்று தொடங்கினால் மாஸ்டர்கார்டு. A000000384 என்று தொடங்கினால் எஃப்ட்போஸ். ரூட்டிங் ஆன் செய்த அன்றே, வரம்புக்கு மேலே ஒரு பில், கீழே ஒரு பில் போட்டு இந்த வரியைச் சரிபார்த்துவிடுவது நல்லது.

இனி, சிக்கல் வரும் இடங்கள்.

பெரிய சிக்கல், இரண்டு லோகோ உள்ள எல்லா அட்டையும் ஒரே கணக்கைத் தொடுவதில்லை என்பது. கடன் அட்டையோடு சேமிப்புக் கணக்கையும் இணைத்துத் தரப்பட்ட அட்டைகள் உண்டு. அவற்றில் விசா அப்ளிகேஷன் கடன் கணக்கைத் தொடும், எஃப்ட்போஸ் அப்ளிகேஷன் சேமிப்புக் கணக்கைத் தொடும். இங்கே மெஷின் தானாக வழி மாற்றினால், மாதக் கடைசியில் கட்டலாம் என்று டேப் செய்தவரின் சேமிப்பிலிருந்து அந்த நிமிடமே பணம் போய்விடும். இரண்டு அப்ளிகேஷனும் ஒரே கணக்குதான் என்று உறுதியாகத் தெரியாத அட்டையில் மெஷின் வரிசையை மாற்றக் கூடாது. வங்கி எழுதிய முன்னுரிமையையே பின்பற்ற வேண்டும். ஐரோப்பிய அட்டைகளில் இதற்கு வசதியாக, அந்த அப்ளிகேஷன் டெபிட்டா, கிரெடிட்டா, ப்ரீபெய்டா என்பதை 9F0A என்ற புலத்திலேயே எழுதி வைக்கிறார்கள்.

அடுத்தது ரீஃபண்ட். எஃப்ட்போஸில் வாங்கிய 60 டாலரை விசா வழியாகத் திருப்பி அனுப்பினால், அட்டை கொடுத்த வங்கிக்கு அந்த ரீஃபண்டை எந்தக் கொள்முதலோடு சேர்ப்பது என்று தெரியாது. தொகை வரம்பு வைத்த கடையில் இது எளிதாக நடக்கும்: 60 டாலருக்கு வாங்கியவர் 20 டாலர் பொருளை மட்டும் திருப்பித் தருகிறார். 20 வரம்புக்குக் கீழே என்பதால் மெஷின் விசாவை எடுத்துவிடுகிறது. ரீஃபண்டுக்கு ரூட்டிங் விதியைப் பயன்படுத்தக் கூடாது. பழைய ரசீதின் AID எதுவோ, அதே வழி.

பணம் போதவில்லை என்று மறுக்கப்பட்டால் இன்னொரு நெட்வொர்க்கில் முயல்வதும் வீண். கணக்கு ஒன்றுதானே, பதிலும் ஒன்றாகத்தான் வரும். நெட்வொர்க் தொடர்பே அறுந்திருந்தால் மட்டும் மற்ற வழி உதவும்.

[திரை: ஐரோப்பியக் கடை ஒன்றின் மெஷின். CB, VISA என்று இரண்டு தேர்வுகள்.]

இதுவரை கடையின் பக்கம். அட்டை வைத்திருப்பவர் பக்கம் என்ன? அவருக்கும் காரணம் இருக்கலாம். விசாவில் செலவு செய்தால்தான் அவருடைய வங்கி பாயின்ட் தரும் என்றிருக்கலாம். தகராறு வந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கும் விதிகள் நெட்வொர்க்குக்கு நெட்வொர்க் வேறுபடும்.

ஆஸ்திரேலியாவில் அவர் செய்யக்கூடியது, டேப் செய்யாமல் அட்டையைச் செருகி CR அழுத்துவது. ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சட்டமாகவே எழுதிவிட்டது. 2015-இல் வந்த 2015/751 எண் ஒழுங்குமுறையின் 8-ஆம் பிரிவு, கடைக்காரர் தனக்குப் பிடித்த நெட்வொர்க்கை மெஷினில் முதலில் வைத்துக்கொள்ளலாம் என்கிறது. அதோடு, வாடிக்கையாளர் அதை மாற்றுவதைக் கடைக்காரர் தடுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. என் பார்வையில் இது நியாயமான பங்கீடு: கட்டணம் கட்டுபவருக்கு முதல் தேர்வு, பணம் கொடுப்பவருக்கு இறுதித் தேர்வு. பிரான்ஸில் உள்நாட்டு நெட்வொர்க்கான சிபியும் விசாவும் சேர்ந்த அட்டைகள் சாதாரணம்; அங்கே இந்த விதி தினமும் பயன்படுகிறது. டேப் செய்த பிறகு மனம் மாறினால், அட்டையை மறுபடி டேப் செய்ய வேண்டியிருக்கும். முதல் டேப்பில் அப்ளிகேஷன் தேர்வு முடிந்துவிட்டதல்லவா, பட்டியலை மெஷின் புதிதாகக் கேட்டாக வேண்டும்.

மலேசியாவில் இருப்பவர்கள் தங்கள் டெபிட் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். விசா அல்லது மாஸ்டர்கார்டோடு உள்நாட்டு நெட்வொர்க்கான MyDebit லோகோவும் இருந்தால், சிப்புக்குள் நடப்பது மேலே சொன்னதுதான். இந்தியாவில் நிலைமை வேறு: பெரும்பாலான அட்டைகளில் நெட்வொர்க் ஒன்றுதான். ரிசர்வ் வங்கி 2024 மார்ச்சில் கொடுத்த உத்தரவு, கடன் அட்டை வாங்கும்போது எந்த நெட்வொர்க் வேண்டும் என்று வாடிக்கையாளரைக் கேட்கச் சொல்கிறது. அந்தத் தேர்வு அட்டை அச்சாவதற்கு முன்பே முடிந்துவிடும். கடையில் டேப் செய்யும்போது மெஷினுக்குக் கிடைக்கும் பட்டியலில் ஒரே ஒரு வரிதான் இருக்கும்.