காலையில் சொன்ன வணக்கத்துக்குப் பதில் வராதபோது

(திருகோணமலையில் கந்தோர் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த உத்தியோகத்தர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் என்னிடம் சொல்லும் முறைப்பாடுகளில் பெரும்பாலானவை இடமாற்றத்தைப் பற்றியும் லீவைப் பற்றியும்தான். ஆனால் குரலைத் தாழ்த்தி, கொஞ்சம் தயங்கிச் சொல்லும் முறைப்பாடு ஒன்றும் இருக்கிறது. "சேர், அந்த அண்ணாவுக்கு ஒவ்வொரு நாளும் குட் மோர்னிங் சொல்றன். ஒரு நாள்கூடத் திருப்பிச் சொன்னதில்லை. நான் அவருக்கு என்ன செய்தன்?"

இதைச் சின்ன விஷயம் என்று நான் தள்ளிவிடுவதில்லை. உண்மையிலேயே இது வலிக்கிறது. கிப்லிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் ஒருமுறை பூங்காவில் இருந்தபோது, முன்பின் தெரியாத இரண்டு பேர் எறிந்து விளையாடிய தட்டு அவர் பக்கம் வந்து விழுந்தது. அவர் திருப்பி எறிந்தார். அவர்களும் அவருக்கு எறிந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவரை விட்டுவிட்டுத் தங்களுக்குள்ளேயே விளையாடத் தொடங்கிவிட்டார்கள். அந்தச் சின்னப் புறக்கணிப்பு தன்னை எவ்வளவு பாதித்தது என்பதைக் கவனித்தவர், அதையே கணினியில் பந்து விளையாட்டாக்கிப் பலரிடம் சோதித்தார். 2004இல் வந்த ஆய்வில் அவரும் அவருடைய குழுவினரும், "உங்களோடு விளையாடுவது மனிதர்கள் இல்லை, கணினிதான்" என்று முன்கூட்டியே சொல்லிப் பார்த்தார்கள். அப்படியும் பந்து வராதவர்களுக்கு மனம் வாடியது.

ஆகவே அந்த வலி முதலில் வந்துவிடும். அதற்குக் காரணம் தேடுவது அதன் பிறகுதான். வலி வந்தது என்பதால் எதிரே இருப்பவர் நம்மை அவமதித்தார் என்று முடிவுகட்ட முடியாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

எனக்குத் தெரிந்த ஓர் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஓர் அபிவிருத்தி உத்தியோகத்தர், இளம் பெண். கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருபவர். காலையில் கந்தோருக்குள் நுழைந்ததும் வரவுப் பதிவேட்டில் கையொப்பம் வைக்க வேண்டும். அந்தப் பதிவேட்டுக்குப் பொறுப்பாக ஒரு முகாமைத்துவ உதவியாளர், ஐம்பது வயது தாண்டியவர், மேசையில் இருப்பார். பிள்ளை கையொப்பம் வைத்தபடியே "குட் மோர்னிங் அண்ணா" என்பார். அவர் தலையை நிமிர்த்தவே மாட்டார். சில மாதங்கள் இப்படியே போயின. "என்னைக் கண்டாலே அவருக்குப் பிடிக்கேல்ல" என்று பிள்ளை முடிவெடுத்துவிட்டார்.

அந்த மேசையை ஒரு காலை முழுக்கப் பார்த்தால் கதை வேறு. நேரம் முடிந்ததும் அவர் பதிவேட்டில் சிவப்புக் கோடு போட வேண்டும். கோட்டுக்குக் கீழே கையொப்பம் வைப்பவர் பிந்தி வந்தவர். கோடு விழப்போகும் நேரத்தில் ஓடி வருகிறவர்கள் எல்லோரும் என்ன சொல்கிறார்கள்? "குட் மோர்னிங் அண்ணா, எப்படி அண்ணா சுகம்? பஸ் பிந்திப் போச்சு, ஒருக்கா பொறுங்கோ." பல வருடமாக அவர் காதில் விழும் காலை வணக்கத்துக்குப் பின்னால் ஒரு கெஞ்சல் வருகிறது. நிமிர்ந்து முகம் கொடுத்தால் மறுக்க முடியாது. இரங்கினால் கணக்கில் பிழை வரும், பதில் சொல்லவேண்டியவர் அவர்தான். அதனால் அந்த அரை மணி நேரம் கண்ணைப் பதிவேட்டிலேயே வைத்திருக்கப் பழகிவிட்டார். அவர் இந்தப் பிள்ளையைத் தள்ளி வைக்கவில்லை. அந்த மேசையில் அவர் யாருக்குமே முகம் கொடுப்பதில்லை.

பிள்ளைக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: காலையில் ஒன்றும் சொல்லாமல் கையொப்பத்தை வைத்துவிட்டுப் போ. பத்து மணிக்குத் தேத்தண்ணி குடிக்கும் இடத்தில் அவருக்கு நேர் எதிரே வந்து, அவர் கண் உன்மேல் படும்வரை பொறுத்து, அப்புறம் சொல். அவர் "ஓம் பிள்ளை, வணக்கம்" என்றார். மூன்றாம் நாள் எந்த ஊர் என்று கேட்டார்.

இதில் கண் படும்வரை பொறுப்பதுதான் முக்கியம். ஆடம் கெண்டன், ஆண்ட்ரூ ஃபெர்பர் என்ற இருவர், விருந்துக்கு வந்தவர்கள் ஒருவரையொருவர் வரவேற்பதைப் படம்பிடித்து, 1973இல் அதைப் படிப்படியாக எழுதினார்கள். முதலில் கண்ணில் படுவது. தூரத்திலேயே கையசைப்பு, தலையசைப்பு. நடந்து நெருங்கும்போது பார்வை விலகிவிடும். கிட்ட வந்ததும் மறுபடி பார்த்து வாயால் சொல்வது. நம்முடைய நடைபாதைகளில் பிழை நடப்பது முதல் படியில்தான். முதுகுக்குப் பின்னாலிருந்தோ, அவர் கோப்பைப் புரட்டும்போதோ, போனைக் காதில் வைத்திருக்கும்போதோ சொல்லிவிட்டுத் தாண்டிப் போகிறோம். பார்வை விலகும் நேரத்தில் சொல்கிறவர்களும் உண்டு. அப்போது, முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று தோன்றும்.

சிலருக்கு ஒரு காது மந்தமாக இருக்கும், வெளியில் சொல்லமாட்டார்கள். எப்போதும் ஒரே காதில் போன் வைப்பார்கள், கூட்டத்தில் ஒரே மூலையில் உட்காருவார்கள். அப்படிக் கண்டால் அந்த நல்ல காதின் பக்கம் வந்து சொல்லுங்கள். நம்முடைய ஊரில் இன்னொன்றும் இருக்கிறது. தெற்கிலிருந்து மாற்றலாகி வந்த சிங்கள உத்தியோகத்தர், பதில் சொன்னால் பேச்சு தமிழில் நீளுமே என்று தயங்கி லேசாகத் தலையை மட்டும் அசைப்பார். நாம் வாயிலிருந்து சொல் வருமென்று காத்திருந்ததால் அந்த அசைப்பைக் காண்பதில்லை. மேலதிகாரிகள் விஷயத்திலும் இதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அவர்களுடைய பதில் புருவத்தில் வரும். அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, இடத்தை மாற்றியாயிற்று, நேரத்தை மாற்றியாயிற்று, கண்ணும் பட்டது, அப்படியும் பதில் இல்லை. அப்போது மற்றவர்களைக் கவனியுங்கள். அவர் யாருக்குமே சொல்வதில்லை என்றால் அது அவருடைய சுபாவம். அவருக்கு வாயால் சொல்வதை நிறுத்தி, தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போங்கள். தலையசைப்புக்குப் பதில் எதிர்பார்க்கத் தேவையில்லை, அதனால் நாள்தோறும் மனக்கணக்கு வைக்கவும் வேண்டாம். ஆனால் பழிவாங்குவதுபோல முகத்தைத் திருப்பாதீர்கள். நாளைக்கு ஒரு கோப்புக்காக அவரிடம்தான் போகவேண்டி வரும். பத்துப் பேர் முன்னால் "என்ன, குட் மோர்னிங் சொல்லமாட்டீங்களோ?" என்றும் கேட்காதீர்கள். அதுவரை இல்லாத பகை அந்தக் கேள்வியில் தொடங்கிவிடும்.

எல்லோருக்கும் சிரித்துப் பதில் சொல்கிறார், உங்களுக்கு மட்டும் இல்லை என்றால், அடுத்து வேலையைப் பாருங்கள். கூட்ட அறிவித்தல் உங்களுக்கு வருகிறதா? கேட்ட கடிதம் கிடைக்கிறதா? கிடைக்கிறதென்றால் அவருக்கு உங்கள்மேல் ஏதோ மனத்தாங்கல், அவ்வளவுதான். அவர் தனியாக இருக்கும்போது, நின்றபடியே, "அண்ணா, என்னால உங்களுக்கு ஏதும் மனவருத்தம் வந்ததோ? இருந்தால் சொல்லுங்கோ, திருத்திக்கொள்றன்" என்று ஒருமுறை கேளுங்கள். வணக்கத்தைப் பற்றி வாயே திறக்கவேண்டாம். "ஒண்டுமில்லை" என்றால் அத்தோடு விடுங்கள். துருவக்கூடாது, ஆள் விட்டுக் கேட்கவும் கூடாது.

அறிவித்தலும் வரவில்லை, கடிதமும் கிடைக்கவில்லை என்றால் நிலைமை வேறு. அதை உங்கள் கிளைத் தலைவரிடம் சொல்லத்தான் வேண்டும். எந்தத் திகதி, எந்தக் கடிதம், அதனால் எந்த வேலை தடைப்பட்டது என்று எழுதிக்கொண்டு போங்கள். வணக்கத்தை அந்தத் தாளில் எழுதாதீர்கள். எழுதினால் முழு முறைப்பாடும் ஒரு குட் மோர்னிங்குக்காக வந்ததாகிவிடும், தடைப்பட்ட வேலையை யாரும் பார்க்கமாட்டார்கள்.