மடக்காமல் எழுதிய கவிதை

தலைவர் ஐயா அவர்களே, இந்த வெயிலிலும் முன்வரிசையை நிறைத்திருக்கும் தமிழாசிரியப் பெருமக்களே, வாடகை வாங்காமல் கூடத்தைத் திறந்துவிட்ட நூலகர் அம்மா அவர்களே, சால்வைக்குப் பதிலாகப் புத்தகம் தந்த செயலாளர் தம்பியே, அனைவருக்கும் வணக்கம்.

வரி உடைக்காமல் பத்தியாகவே ஓடும் உரைநடைக் கவிதையைப் பற்றி மூன்று விஷயம் சொல்ல வந்தேன். புதுக்கவிதையிலிருந்து அது எங்கே பிரிகிறது, குட்டிக்கதையிலிருந்து எங்கே பிரிகிறது, அதன் ஓசை எப்படிப்பட்டது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இதற்கும் அப்படித்தான். கவிஞர்கள் கதை என்று தள்ளுவார்கள், கதைக்காரர்கள் கவிதை என்று தள்ளுவார்கள்.

நான் ஒரு சிற்றிதழுக்கு அப்படி ஒன்று அனுப்பினேன். ஒரே பத்தி. இதழ் வந்தது, பிரித்தேன், இருபத்தேழு வரி! அச்சகத்துக்கே போய்விட்டேன். தட்டச்சுத் தம்பி எழுந்து நின்று சொன்னார்: "மேலே கவிதைன்னு போட்டிருந்துச்சு சார். நீங்க மடக்க மறந்துட்டீங்கன்னு நானே மடக்கிட்டேன்." அதோடு விட்டாரா? கடைசி வரி பக்கத்தில் இடிக்கிறது என்று அதை எடுத்தும்விட்டார். "அது இல்லாமலும் நல்லாத்தான் இருக்கு சார்" என்றார். அப்புறம் டீ வாங்கிக் கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

சரி, மடக்கினால் என்ன போகிறது? பாரதியின் 'காட்சி' என்ற உரைநடைக் கவிதையில் காற்றைப் பற்றிய பகுதியைப் பாருங்கள். மாடியில் ஓலைப்பந்தல், மூங்கில் கழிகள், கட்டிய கயிறு என்று பந்தல்காரர் கணக்குச் சொல்வதுபோல நீளமாகப் போகிறது. கழியில் கொஞ்சம் மிச்சக் கயிறு தொங்குகிறது. உடனே, "ஒரு சாண் கயிறு." அவ்வளவுதான் வாக்கியம். புதுக்கவிதைக்காரர் வரியை உடைத்து, வாக்கியம் நிற்காத இடத்திலும் நம்மை நிறுத்த முடியும். இங்கே அந்த வசதி இல்லை. நீள வாக்கியத்துக்குப் பின் குட்டி வாக்கியம் வந்துதான் நிறுத்துகிறது. வரி உடையாததால், ஏதோ செய்தி படிப்பதுபோல அசட்டையாகப் படித்துக்கொண்டு போகிறோம். அந்தக் கயிற்றுக்குக் கந்தன் என்றும் பக்கத்துக் கயிற்றுக்கு வள்ளியம்மை என்றும் பெயர் வரும்போது, அவர்கள் கணவன் மனைவி என்பதை மறுக்கத் தோன்றுவதில்லை. முதலிலேயே மடக்கியிருந்தால், "ஓகோ, உருவகம் வரப்போகிறது" என்று நிமிர்ந்து உட்கார்ந்திருப்போம்.

கதையாக இருந்தால் அந்தத் தம்பதியையே பின்தொடர்ந்து போயாக வேண்டும். பாரதியோ அவர்களோடு நிற்காமல், அவர்களை ஆட்டுவிக்கும் காற்றிடம் போய்விடுகிறார். கதைக்காரர்களின் இடி இந்த இடத்தில்தான் விழுகிறது.

ஓசையைப் பற்றிப் பேச நினைத்தேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். என் கோரிக்கையை மட்டும் சொல்லிவிடுகிறேன். மலிவுப் பதிப்பும் பாடநூலும் போடுகிறவர்கள், வரிகளைக் கவிஞர் மடக்கினாரா, தாங்களே மடக்கினார்களா என்று ஒரு அடிக்குறிப்பு போடட்டும். மத்தளத்துக்கு இரண்டு பக்க இடி போதும், அச்சகத்திலிருந்து மூன்றாவது வேண்டாம். மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போங்கள்.