இருக்கவே கூடாத ஒரு தனிமம், இந்த நட்சத்திரத்துக்குள்ள எப்படி வந்துச்சு?

வணக்கம் மக்களே! 1952ல கலிஃபோர்னியா மவுண்ட் வில்சன் ஆய்வகத்துல பால் மெரில்ங்கிறவரு, ஆர் ஆண்ட்ரோமெடே மாதிரி வயசான சிவப்பு நட்சத்திரங்களோட வெளிச்சத்தைப் பிரிச்சுப் பாக்குறாரு. நீலப் பகுதியில, 426 நானோமீட்டர் பக்கத்துல ஒரு கருப்புக் கோடு. அது டெக்னீஷியத்தோட கோடு!

இதுல என்ன அதிசயம்னா, டெக்னீஷியத்துக்கு நிலையான ஐசோடோப்பே கிடையாது, எல்லாமே சிதைஞ்சு போயிரும். இங்க நம்ம கதையில வர்ற டெக்னீஷியம்-99ஓட அரை ஆயுள் 2,11,000 வருஷம். அப்படின்னா 21 லட்சம் வருஷத்துல ஆயிரத்துல ஒரு பங்குதான் மிஞ்சும், ஆனா அந்த நட்சத்திரத்தோட வயசு கோடிக்கணக்குல இருக்கு. பொறக்கும்போதே இருந்திருந்தா எப்பவோ காணாமப் போயிருக்கும். அப்போ இது சமீபத்துல, அந்த நட்சத்திரத்துக்குள்ளயே உருவாகியிருக்கணும். எனக்குத் தெரிஞ்சு வானியல்ல இதைவிட நேரடியான சாட்சி ரொம்பக் கம்மி.

சரி, எப்படி உருவாகுது? இரும்புக்கு மேல அணுக்கருக்களை மோதவிட்டு ஒட்டுறது கட்டுப்படியாகாது, பாசிட்டிவும் பாசிட்டிவும் தள்ளிக்கும். நியூட்ரானுக்கு மின்னூட்டமே இல்ல, அதனால நேரா உள்ள போயிரும்.

[திரையில: பள்ளத்தாக்கு படம்]

இந்தப் படத்தைக் கொஞ்சம் நிதானமாப் பாருங்க. வலது பக்கம் போகப்போக நியூட்ரான் கூடும், மேல போகப்போக புரோட்டான் கூடும். நிலையான அணுக்கருக்கள் எல்லாம் நடுவுல பள்ளத்துல கெடக்கு. வறண்டு போன ஆத்துக்குள்ள நடக்கிற மாதிரி நெனச்சுக்கோங்க. ஒரு நியூட்ரான் உள்ள வந்தா கரைப்பக்கம் ஒரு அடி. கரை சரிவா இருந்தா மணல் நழுவி திரும்ப ஆத்துக்குள்ளயே வந்துருவீங்க, ஆனா நின்ன எடத்துக்கு இல்ல, கொஞ்சம் முன்னாடி. அந்த நழுவுறதுதான் பீட்டா சிதைவு, ஒரு நியூட்ரான் எலக்ட்ரானை வெளிய விட்டுட்டு புரோட்டானா மாறிடுது, தனிமமே மாறிடுது!

[திரையில: Mo-98 + n → Mo-99 → Tc-99]

நம்ம ஆளையே எடுத்துக்குவோம். மாலிப்டினம்-98 ஒரு நியூட்ரானை விழுங்குது, மாலிப்டினம்-99 ஆகுது. அது 66 மணி நேர அரை ஆயுள்ல சிதைஞ்சு டெக்னீஷியம்-99 ஆயிடுது. உங்க வீட்ல யாருக்காவது எலும்பு ஸ்கேன் எடுத்திருந்தா இதே சிதைவுதான் அங்கயும் நடந்திருக்கும், ஒரு சின்ன ஜெனரேட்டருக்குள்ள மாலிப்டினம்-99 இருக்கும், அதுல இருந்து டெக்னீஷியத்தை பால் கறக்கிற மாதிரி அப்பப்போ எடுத்து ஊசியில போடுவாங்க. நட்சத்திரத்துல நடக்கிறது உங்க ஊர் ஸ்கேன் சென்டர்லயும் நடக்குதுங்கிறது எனக்கு இன்னும் மெய்சிலிர்க்குது!

அடுத்த நியூட்ரான் மாட்டுனா டெக்னீஷியம்-100, அது பதினஞ்சு செகண்ட்ல சிதைஞ்சு ருதேனியம்-100, நிலையானது. ஆத்துக்குள்ள இன்னும் ஒரு எட்டு முன்னாடி வந்தாச்சு.

இப்படி நியூட்ரானை ஒண்ணொண்ணா விழுங்கி முன்னேறுற இந்த முறையை ஏன் மெதுவானதுன்னு சொல்றாங்க? ஒரு நியூட்ரான் மாட்டி அடுத்தது மாட்டுறதுக்கு வருஷக்கணக்குல, சில நேரம் நூறு வருஷத்துக்கு மேலயும் ஆகும். 66 மணி நேரம் எங்க, நூறு வருஷம் எங்க! அதனால கரையில நிக்கிறது பெரும்பாலும் அடுத்த நியூட்ரான் வர்றதுக்குள்ள கீழ நழுவிடும், இந்தப் பாதை பள்ளத்தை விட்டு ரொம்ப விலகாது. டெக்னீஷியம்-99 சிதையாம காத்திருந்து அடுத்ததை விழுங்குறதுக்கும் அதோட நீண்ட ஆயுள்தான் காரணம்.

நியூட்ரான் எங்கிருந்து வருது? சூரியன் அளவுல இருந்து சில மடங்கு வரைக்கும் எடை உள்ள நட்சத்திரங்களோட கடைசிக் காலத்துல, ஹைட்ரஜன் அடுக்குக்கும் ஹீலியம் அடுக்குக்கும் நடுவுல கொஞ்சம் கார்பன்-13 சேரும். சுமார் பத்து கோடி டிகிரியில அது ஹீலியத்தோட மோதி ஆக்ஸிஜன்-16 ஆகும்போது ஒரு நியூட்ரானைக் கழட்டி விடும். அப்புறம் வெளி உறையோட கொதிப்பு ஆழத்துக்கு இறங்கி, உள்ள உருவானதை மேல அள்ளிக் கொண்டு வரும். மெரில் பார்த்தது அப்படி மேல வந்ததைத்தான்.

வழியில பேரியம்-138 மாதிரி சில இடத்துல நெரிசல் ஆகும். அதுல 82 நியூட்ரான் கச்சிதமா அடைஞ்சு கெடக்கு, இன்னொன்னை லேசுல சேர்த்துக்காது, அதனால பேரியம் குவிஞ்சுரும். பிஸ்மத்-209 தாண்டுனா ஆல்ஃபா சிதைவுல திரும்ப ஈயத்துக்கே வந்துரும், அதோட பாதை முடிஞ்சுது.

இப்போ ஒரு கேள்வி, வீடியோவை நிறுத்திட்டு யோசிங்க. சில நட்சத்திரங்கள்ல பேரியம் ஏராளமா இருக்கு, ஆனா டெக்னீஷியம் கோடே இல்ல, அந்தக் கடைசிக் கட்டத்துக்கே அதுங்க இன்னும் வரல. பேரியம் எப்படி வந்துச்சு?

பக்கத்து நட்சத்திரம் கொடுத்தது! ஜோடியில எடை கூடுனது முதல்ல வயசாகி, சமைச்ச வாயுவை இது மேல கொட்டிட்டு, வெள்ளைக் குள்ளனா சுருங்கிடுச்சு. வந்த டெக்னீஷியம் சிதைஞ்சு ருதேனியமாயிடுச்சு, பேரியம் அப்படியே தங்கிடுச்சு. இந்த பேரியம் நட்சத்திரங்களோட நிறமாலைக் கோடுகள் சீரா முன்னும் பின்னும் நகர்றதை வச்சு, கண்ணுக்குத் தெரியாத துணை ஒண்ணு சுத்தி வர்றதையும் கண்டுபிடிச்சுட்டாங்க.