கொடி பிடிப்பவர் நிற்கும் இடம்
(சேலத்தில் நடந்த கால்பந்து ஆர்வலர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் பெருமக்களே, பள்ளிகளிலிருந்து வந்திருக்கும் உடற்கல்வி ஆசிரியர்களே, மழையையும் பாராமல் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்திருக்கும் எஸ்டேட் அணி நண்பர்களே, போட்டிகளைத் தம் கைக்காசில் நடத்தும் அமைப்பாளர்களே, எல்லாவற்றுக்கும் மேலாக விசிலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே வந்திருக்கும் நடுவர் தோழர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். ஒலிபெருக்கி வைத்துத் தந்த தம்பிக்கும், பின்வரிசை வரை தேநீர் கொண்டுபோய்க் கொடுத்த அம்மாவுக்கும் நன்றி. தலைவர் எனக்குக் குறைந்த நேரம்தான் ஒதுக்கியிருக்கிறார். அதில் மூன்று சேதிகளைச் சொல்ல வந்திருக்கிறேன். ஆஃப்சைடு கோடு எங்கே விழுகிறது என்பது ஒன்று. அதை எந்த நொடியில் பார்க்க வேண்டும் என்பது இரண்டு. அந்த இடத்தில் நின்றவன் ஆட்டத்தில் தலையிட்டானா என்பது மூன்று.

நம் பெரியவர்கள் சொன்னது உங்களுக்குத் தெரியும்: கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். ஆஃப்சைடைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை. எப்படி என்று காட்டுகிறேன்.

முதலில் கோடு. எதிரணியின் பாதி மைதானத்தில் நிற்கும் ஒருவனின் தலையோ உடம்போ காலோ, பந்தையும் தாண்டி, எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளையும் தாண்டி, கோல் கோட்டுக்கு அருகில் இருந்தால் அவன் ஆஃப்சைடு இடத்தில் நிற்கிறான். கைகள் கணக்கில் வராது. அக்குளின் அடிப்பகுதி வரை தோள், அதற்குக் கீழே கை. கோல்கீப்பரின் கைக்கும் இதே கணக்குதான். சரிசமமாக நின்றால் ஆஃப்சைடு இல்லை. 1990 முதல் அப்படி. தன் பாதியில் நிற்பவனுக்கு ஆஃப்சைடே கிடையாது. கோல்கிக், த்ரோ, கார்னர் ஆகியவற்றிலிருந்து பந்து நேராக வந்தாலும் கிடையாது.

இதில் நம் ஊர் மைதானங்களில் சண்டை மூளுவது ஒரே சொல்லால்: 'கடைசிக்கு முந்தைய ஆள்'. பலர் இதைக் 'கடைசி டிஃபெண்டர்' என்றே மனத்தில் பதிய வைத்திருக்கிறார்கள். கோல்கீப்பர் எப்போதும் பின்னால் நிற்பார், அவருக்கு முன்னால் ஒரு டிஃபெண்டர் இருந்தால் போதும் என்ற கணக்கு அது. கோல்கீப்பர் வெளியே வந்துவிட்டால் அந்தக் கணக்கு தவறிப்போகும்.

2022 நவம்பர் 20 அன்று நடந்ததை நினைத்துப் பாருங்கள். உலகக் கோப்பையின் தொடக்க ஆட்டம். கத்தாரும் ஈக்வடாரும் மோதுகின்றன. போட்டியை நடத்தும் நாடே களத்தில் நிற்கிறது, அரங்கம் நிரம்பி வழிகிறது. மூன்றாவது நிமிடத்திலேயே ஈக்வடாருக்கு ஒரு ஃப்ரீகிக். பந்து உயரமாக வந்து பெட்டிக்குள் இறங்குகிறது. கத்தார் கோல்கீப்பர் பந்தைக் குறிவைத்து வெளியே பாய்கிறார். ஈக்வடாரின் டோரஸும் அதே பந்துக்குத் தாவுகிறார். பந்து மேலே எகிறுகிறது. பக்கத்தில் இருந்த எஸ்ட்ராடா அதைத் தலையால் தட்டித் திரும்பக் கொடுக்கிறார். டோரஸ் உடம்பைத் திருப்பி அடிக்கிறார். என்னர் வலென்சியா தலையால் முட்டி உள்ளே அனுப்புகிறார். கோல்! ஈக்வடார் ரசிகர்கள் எழுந்து ஆடுகிறார்கள். கத்தார் ஆட்டக்காரர்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். அப்போது நடுவர் காதில் கை வைத்து நிற்கிறார். கொஞ்ச நேரத்தில் கோல் இல்லை என்று கை காட்டுகிறார். தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "டிஃபெண்டர் பின்னாடி நிற்கிறானே, எப்படி ஆஃப்சைடு?" என்ற கேள்விதான் உலகம் முழுக்க எழுந்தது. கோல் அடித்த வலென்சியாவையே எல்லோரும் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். யாரும் எஸ்ட்ராடாவின் காலைப் பார்க்கவில்லை.

டோரஸின் மேல் பந்து பட்ட நொடியில் கோல்கீப்பர் வெளியே வந்துவிட்டார். கோல் கோட்டுக்கு அருகில் ஒரே ஒரு கத்தார் டிஃபெண்டர். அவர்தான் கடைசி ஆள். கடைசிக்கு முந்தைய ஆளைத் தாண்டி எஸ்ட்ராடாவின் கால் நீண்டிருந்தது. ஒரு டிஃபெண்டர் பின்னால் இருப்பது போதாது, இரண்டு பேர் வேண்டும். சிறிது நேரம் கழித்துக் கணினி வரைபடம் திரையில் வந்த பிறகுதான் கேள்வி ஓய்ந்தது. ஆட்டமோ ஈக்வடாருக்கே போனது: வலென்சியா இரண்டு அடித்து 2-0. கண்ணால் காண்பதும் பொய் என்பதை அந்த மூன்றாவது நிமிடம் உலகத்துக்கே எடுத்துக் காட்டியது.

அங்கே விசாரிக்க வசதி இருந்தது. அரங்கக் கூரையின் கீழ் ஆஃப்சைடு பார்ப்பதற்கென்றே 12 கேமராக்கள், ஒவ்வொரு ஆட்டக்காரர் உடம்பிலும் 29 புள்ளிகளை நொடிக்கு 50 முறை குறித்துக்கொண்டிருந்தன. பந்துக்குள் இருந்த உணர்கருவி நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பியது. நமக்கு இருப்பது ஒரு கொடியும் ஒரு ஜோடி கண்ணும். அந்தக் கண் எங்கே நிற்கிறது என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது.

இதைக் கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன். உதவி நடுவர் பக்கக் கோட்டில் நிற்கிறார். கடைசிக்கு முந்தைய டிஃபெண்டர் அவரிடமிருந்து 40 மீட்டர் தள்ளி, மறுபக்கம் இருக்கிறார். ஃபார்வர்டு 20 மீட்டர் தள்ளி, பக்கத்தில். இருவரும் கோல் கோட்டிலிருந்து ஒரே தூரத்தில், சரிசமம். ஆஃப்சைடு இல்லை. ஆனால் உதவி நடுவர் ஓட்டத்தில் பிந்திவிட்டார். அந்த வரிசைக்கு ஒரு மீட்டர் பின்னால், நடுக்கோட்டுப் பக்கம் நிற்கிறார். அவர் கண்ணிலிருந்து டிஃபெண்டரை நோக்கி ஒரு கயிற்றை இழுத்துக் கட்டுங்கள். பாதி வழியில், 20 மீட்டரில், அந்தக் கயிறு அரை மீட்டர்தான் முன்னேறியிருக்கும். ஃபார்வர்டோ ஒரு மீட்டர் முன்னால் இருக்கிறான். அவர் கண்ணுக்கு ஃபார்வர்டு அரை மீட்டர் தாண்டி நிற்பதாகத் தெரியும். கொடி மேலே போகும். நல்ல கோல் ஒன்று செத்துப்போகும்.

இப்போது ஆட்களை இடம் மாற்றுங்கள். டிஃபெண்டர் 20 மீட்டரில், ஃபார்வர்டு 40 மீட்டரில். அதே கயிறு டிஃபெண்டரைத் தொட்டு நீண்டு 40 மீட்டருக்குப் போகும்போது, டிஃபெண்டரைவிட ஒரு மீட்டர் முன்னால் விழும். ஒரு மீட்டர் ஆஃப்சைடில் நிற்பவன் சரிசமமாகத் தெரிவான். கொடி எழாது. உதவி நடுவர் வரிசையைத் தாண்டி கோல் பக்கம் போய்விட்டால் இரண்டு தவறும் தலைகீழாகும். இதற்குக் காரணம் அவருடைய நேர்மைக் குறைவும் இல்லை, பார்வைக் கோளாறும் இல்லை. நின்ற இடம் ஒரு மீட்டர் தவறு, அவ்வளவுதான். கார்னர் கொடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செல்போனில் எடுத்த வீடியோவைக் காட்டி நடுவரை மடக்குகிறோமே, அந்தப் போனும் இதே கயிற்றில்தான் மாட்டிக்கொள்கிறது.

இரண்டாவது, நொடி. பந்து சக ஆட்டக்காரன் மேல் முதலில் படும் நொடியில் யார் எங்கே நின்றார்கள் என்பதுதான் கேள்வி. பந்து வந்து சேரும்போது எங்கே நின்றார்கள் என்பது கேள்வியே இல்லை. பாஸ் கொடுப்பவன் தொலைவில் இருக்கும்போது, அவனையும் வரிசையையும் ஒரே பார்வையில் பிடிக்க முடியாது. அதனால் பழகிய உதவி நடுவர் கண்ணை வரிசையில் வைத்துக்கொண்டு, உதையின் சத்தத்தைக் காதில் வாங்குவார். ஆனால் சத்தம் நொடிக்கு சுமார் 340 மீட்டர்தான் ஓடும். 34 மீட்டர் தள்ளி உதைத்தால் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதம். அந்நேரம் ஃபார்வர்டு நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் முன்னே பாய்கிறான்; டிஃபெண்டர் 2 மீட்டர் வேகத்தில் எதிர்த்திசையில் வெளியேறுகிறான். இருவருக்கும் இடையே நொடிக்கு 9 மீட்டர் மாறுகிறது. பத்தில் ஒரு நொடியில் 90 சென்டிமீட்டர்! சரிசமமாகத் தொடங்கியவன் 90 சென்டிமீட்டர் தாண்டி நிற்பதாகத் தெரிவான். காதால் கேட்பதும் பொய் என்றார்களே, இதோ. சந்தேகம் எழும் அளவுக்கு நெருக்கமாக இருந்தால் கொடியைத் தூக்காதே என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லிக் கொடுப்பது இதனால்தான்.

இதற்குப் பழக்கம் உண்டு. பக்கவாட்டில் அடி வைத்து, முகத்தை மைதானத்துக்கே காட்டியபடி, கடைசிக்கு முந்தைய ஆளோடு ஒட்டி நகர வேண்டும். பந்து அவரைத் தாண்டினால் பந்தோடு போக வேண்டும். பாஸ் கிளம்பியதும் வரிசையின் படத்தை மனத்தில் நிறுத்தி வைத்து, பந்து யாரிடம் போகிறது என்று பார்த்த பிறகே கொடி. பிந்தி எழும் கொடியைப் பார்த்துக் கூட்டம் கூச்சல் போடுகிறது. தயவுசெய்து போடாதீர்கள், அவர் தீர விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

இந்தப் பழக்கம் வர ஆள் வேண்டும், பயிற்சி வேண்டும். இங்கேதான் என் கோரிக்கை வருகிறது. நம் சுற்றுவட்டாரப் போட்டிகள் பலவற்றில் ஒரே ஒரு நடுவர், மைதானத்தின் நடுவில். பக்கக் கோட்டில் ஆளுக்கொரு அணியிலிருந்து மாற்று ஆட்டக்காரர் கொடி பிடிக்கிறார். அவர் தம் அணிக்காகக் கொடி தூக்கினார் என்று எதிரணி சொல்கிறது. நடுவரோ ஆட்டத்துக்கு 20, 30 மீட்டர் பின்னால் ஓடி வருகிறார். பின்னாலிருந்து பார்ப்பவருக்கு ஆட்கள் ஒருவர் மேல் ஒருவராகத் தெரிவார்கள். யார் முன்னால், யார் பின்னால் என்று எந்தக் கண்ணாலும் சொல்ல முடியாது. அவரைத்தான் ஆட்டம் முடிந்ததும் சுற்றி வளைக்கிறோம்.

ஏற்காட்டு நண்பர்கள் இன்னொன்றையும் அறிவார்கள். பனிமூட்டம் இறங்கி, இந்தப் பக்கக் கோட்டில் நிற்பவருக்கு அந்தப் பக்கக் கோடு தெரியாமல் போனால் அங்கே ஆஃப்சைடு பார்க்கவே முடியாது. நடுவர் ஆட்டத்தை நிறுத்திக் காத்திருப்பதே முறை. அதற்காக அவரிடம் கோபப்படுவது அநியாயம்.

மூன்றாவது சேதிக்கு, தலையிட்டானா இல்லையா என்பதற்கு, நேரம் இல்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஆகவே அமைப்பாளர்களிடம் கேட்டுக்கொள்வதை மட்டும் சொல்லி முடிக்கிறேன். கோப்பையின் உயரத்தில் ஓர் அடியைக் குறைத்து, அந்தப் பணத்தில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பயிற்சி பெற்ற இரண்டு உதவி நடுவர்களை அமர்த்துங்கள். அது முடியாத இடத்தில், அணி சார்ந்த கொடிக்காரர் பந்து வெளியே போனதை மட்டும் காட்டட்டும். ஆஃப்சைடு நடுவருக்கே என்பதை ஆட்டத்துக்கு முன்பே இரு கேப்டன்களிடமும் சொல்லிவிடுங்கள்.

வெளியே மைதானத்தில் ஒரு கயிறும் மூன்று கூம்புகளும் வைத்திருக்கிறோம். 20 மீட்டரில் ஒன்று, 40 மீட்டரில் ஒன்று, இரண்டும் ஒரே வரிசையில். மூன்றாவது கூம்பு பக்கக் கோட்டில், அந்த வரிசைக்கு ஒரு மீட்டர் பின்னால். போகும்போது ஒவ்வொருவரும் அந்த மூன்றாவது கூம்பருகே நின்று ஒரு முறை பார்த்துவிட்டுப் போங்கள். பிறகு ஒரு மீட்டர் முன்னால் நகர்ந்து மறுபடி பாருங்கள். நன்றி, வணக்கம்.