பேருந்து நிலையத்தில் காதுக்கு எட்டும் அறிவிப்பு

நண்பர்களே, முதலில் ஒரு அறிவிப்பைப் படிக்கிறேன்: "விமான நிலையத்திற்குச் செல்லும் தடம் எண் பதினைந்து பேருந்து நிர்வாகக் காரணங்களால் இன்று நடைமேடை நான்கிற்குப் பதிலாக நடைமேடை ஏழிலிருந்து பத்தரை மணிக்குப் புறப்படும் எனப் பயணிகளுக்குத் தெரிவித்துக்கொள்கிறோம்."

இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கூரை போட்ட நிலையத்தில் ஒவ்வொரு சொல்லின் எதிரொலியும் அடுத்த சொல்லின் மேல் ஏறிவிடும், பக்கத்தில் ஒரு எஞ்சின் வேறு உறுமிக்கொண்டிருக்கும். தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வரும் என்பதால், என்ன செய்யவேண்டும் என்று தெரிவதற்குள் கேட்பவர் நான்கையும் ஏழையும் குழப்பிக்கொள்வார். இங்கே நான் கொஞ்சம் பிடிவாதக்காரன்: பழைய நடைமேடை எண்ணைச் சொல்லவே கூடாது. பாதி காதில் விழுந்தவருக்கு "நான்கு" மட்டும் கேட்டால், அங்கேயே நின்றுவிடுவார்.

சரி, இப்போது இதையே உடைத்து எழுதுவோம். ஒரு கோடு சின்ன இடைவெளி, இரண்டு கோடு எதிரொலி அடங்கும் வரை, சுமார் ஒன்றரை நொடி.

விமான நிலையப் பயணிகள் கவனிக்கவும். //
பேருந்து எண் / ஒன்று, ஐந்து. //
நடைமேடை ஏழுக்கு வாருங்கள். //
பத்தரை மணிக்குக் கிளம்பும். //
பேருந்து ஒன்று, ஐந்து. / நடைமேடை ஏழு. //

யாருக்கான செய்தி என்பது முதல் வரியிலேயே வந்துவிடுவதால் மற்றவர்கள் காதைத் திருப்பிக்கொள்ளலாம், சம்பந்தப்பட்டவர் மட்டும் எண்ணுக்காகக் காத்திருப்பார். திருப்பிச் சொல்வதும் எல்லாவற்றையும் அல்ல, தவறினால் பஸ்ஸைத் தவறவிடும் அந்த இரண்டு எண்களைத்தான். காரணம் எதற்கு? அது யாரையும் சரியான இடத்துக்கு நடக்கவைக்காது.

ஆங்கிலப் பகுதியைத் தமிழிலிருந்து மொழிபெயர்க்காதீர்கள், தனியாக எழுதுங்கள், ஏனென்றால் அதற்கு வேறு ஆபத்துகள் உண்டு. பதினைந்தும் ஐம்பதும் தமிழில் குழம்பாது, ஆனால் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் சத்தத்தில் ஒன்றாகிவிடும், அதனால் "ஒன், ஃபைவ்". செவனும் லெவனும் அப்படித்தான், எனவே "பிளாட்ஃபார்ம் செவன். / செவன்." என்று எண்ணை அங்கேயே ஒருமுறை கூடுதலாக வைக்கலாம். அப்புறம், இரண்டு மொழிகளையும் வரிக்கு வரி மாற்றி மாற்றிக் கலக்கவேண்டாம். தமிழ் முழுதும் முடிந்து, மூன்று நொடி அமைதி விட்டு ஆங்கிலம் தொடங்கட்டும். இல்லாவிட்டால் ஒரு மொழி மட்டும் தெரிந்தவருக்குப் பாதி நேரம் வெறும் இரைச்சல்தான்.

வாசிப்பவர் அவசரத்தில் இடைவெளிகளை விழுங்கிவிடுவார், நானே விழுங்கியிருக்கிறேன். அதனால் கோடுகளைத் தாளில் தடிமனாகப் போடுங்கள். பிறகு எழுதியதைப் பார்க்காத ஒருவரை, ஓடும் எஞ்சின் அருகில், ஒலிபெருக்கியிலிருந்து ஆகத் தொலைவில் நிறுத்தி, கேட்டதைக் காகிதத்தில் எழுதச் சொல்லுங்கள். எங்கே போகிறது, எந்த வண்டி, எந்த மேடை, எப்போது, இந்த நான்கில் எது விட்டுப்போனதோ அந்த வரியை மட்டும் திருத்துங்கள்.