சிங்கப்பூர் போக ஆறு மாசம் பாஸ்போர்ட் செல்லுபடி ஏன் வேணும், அதை எப்படி எண்ணிப் பார்க்கிறது?

கேள்வி: "மே 20 சிங்கப்பூர் போறோம் சார், 27 திரும்பிடுவோம். நடுவுல 24ஆம் தேதி மலேசியாவுல இருக்கிற ஜோகூர் பாரு போய் ஒரு ராத்திரி தங்கிட்டு வரலாம்னு இருக்கோம். பையன் பாஸ்போர்ட் நவம்பர் 12 வரைக்கும் இருக்கு, எங்க வீட்டுக்காரருக்கு நவம்பர் 22 வரைக்கும். ஒரு வாரத்துக்குப் போறவங்களுக்கு இது போதாதா? ஏன் ஆறு மாசம் கேக்குறாங்க?"

முதல்ல பையன் விஷயத்தைச் சொல்லிடுறேன்மா. அவன் பாஸ்போர்ட்டை வச்சு ஏர்போர்ட் போனீங்கன்னா செக்-இன் கவுண்டரைத் தாண்ட முடியாது. சிங்கப்பூர் எண்ணுறது நீங்க உள்ள வர்ற தேதியிலிருந்து. மே 20 உள்ள போனா, நவம்பர் 20 வரைக்கும் பாஸ்போர்ட் உயிரோட இருக்கணும். அவனுக்கு எட்டு நாள் குறையுது. எட்டு நாள்தானேன்னு அங்க யாரும் விட்டுக்கொடுக்க மாட்டாங்க.

பையன் பாஸ்போர்ட் மட்டும் ஏன் எப்பவும் இப்படி மாட்டுதுன்னா, நம்ம ஊர்ல பெரியவங்களுக்குப் பத்து வருஷம் தர்றாங்க, சின்னப் பசங்களுக்கு அஞ்சு வருஷம்தான். எல்லாருக்கும் ஒரே நாள்ல எடுத்தோம்னு நாம நினைச்சுக்கிட்டு இருப்போம். குழந்தையோடது பாதியிலயே முடிஞ்சிடும். நான் டிக்கெட் போடுற வேலையில இருந்த காலத்துல, குடும்பத்துல அஞ்சு பேர் வந்தா நான் முதல்ல வாங்கிப் பார்க்கிறது கடைக்குட்டியோட பாஸ்போர்ட்டைத்தான்.

இப்போ ஏன் கேக்குறாங்கன்னு பார்ப்போம். உங்ககிட்ட ரிட்டர்ன் டிக்கெட் இருக்கு, சரி. ஆனா நீங்க அந்தத் தேதியில கிளம்புவீங்கன்னு அந்த நாடு நம்பி உக்கார முடியாது இல்லையா? காலை உடைச்சுக்கிட்டு ஆஸ்பத்திரியில படுத்துடலாம். விமானமே ஓடாம போகலாம். 2020 மார்ச் கடைசியில இந்தியாவுக்கு வர்ற விமானங்களை நிறுத்தினாங்களே, ஞாபகம் இருக்கா? வந்தே பாரத் விமானங்கள் மே 7ஆம் தேதிதான் ஆரம்பிச்சது. ஒரு வாரம் சுத்திப் பார்க்கப் போனவங்க ஒன்றரை மாசத்துக்கு மேல அங்கேயே கிடந்தாங்க. அந்த நேரத்துல கையில இருக்கிற பாஸ்போர்ட் காலாவதி ஆகிடுச்சுன்னா, அந்த ஆளை ஊருக்கு அனுப்ப முதல்ல நம்ம தூதரகம் வேற ஒரு பயணக் காகிதம் போட்டுத் தரணும். விசா முடிஞ்சும் கிளம்பாதவரைப் பிடிச்சுத் திருப்பி அனுப்புறதுக்கும் இதே சிக்கல்தான். பாஸ்போர்ட் செத்துப் போச்சுன்னா ஆளை விமானத்துல ஏத்த முடியாது. அந்தச் சுமை தன் தலையில விழக்கூடாதுன்னுதான் முன்கூட்டியே ஒரு இடைவெளி வச்சுக்கிறாங்க.

சரி, கவுண்டர்ல இருக்கிற பொண்ணு ஏன் அவ்வளவு கறாரா இருக்கு? உங்களை அங்க இறங்க விடலைன்னா, திருப்பிக் கூட்டிக்கிட்டு வர வேண்டியது விமானக் கம்பெனி. பல நாடுகள் அந்தக் கம்பெனிக்கு அபராதமும் போடும். அதனால அவங்க உங்க வாய்வார்த்தையை நம்ப மாட்டாங்க. போட்டோ இருக்கிற பக்கத்துக்கு அடியில `<<<` குறியோட ரெண்டு வரி இருக்கும் பாருங்க, அதை மெஷின்ல தேய்ப்பாங்க. பையன் முடிவு தேதி 2026 நவம்பர் 12ன்னா, ரெண்டாவது வரியில `M`ங்கிற எழுத்துக்கு அப்புறம் `261112`ன்னு இருக்கும். வருஷம், மாசம், நாள், அந்த வரிசையில. அவங்க பக்கத்துல டைமேட்டிக்னு ஒரு விதித் தொகுப்பு இருக்கு, விமானக் கம்பெனிகளோட சங்கமான ஐயாட்டா நடத்துறது. எந்த நாட்டுக்காரர் எந்த நாட்டுக்குப் போனா என்ன காகிதம் வேணும்னு அதுல இருக்கும். அதுக்கும் உங்க தேதிக்கும் ஒத்துப்போகலைன்னா போர்டிங் பாஸ் வராது.

அடுத்து உங்க வீட்டுக்காரர். இதுதான் உங்க கேள்வியிலயே சுவாரசியமான இடம். அவருக்கு நவம்பர் 22. மே 20 சிங்கப்பூர் உள்ள போறார், நவம்பர் 20 போதும், ரெண்டு நாள் மிச்சம், தப்பிச்சார். 24ஆம் தேதி பஸ் ஏறி ஜோகூர் பாரு போறீங்க. மலேசியாவும் ஆறு மாசம் கேக்குது, அதுவும் உள்ள நுழையுற தேதியிலிருந்து. அப்போ நவம்பர் 24 வரைக்கும் இருக்கணும், அவருக்கு ரெண்டு நாள் குறையுது. மலேசியாவுக்கு இந்தியர்களுக்கு விசா வேண்டாம்னு சொன்னதும் இந்தக் கணக்கும் வேண்டாம்னு நிறைய பேர் நினைச்சுக்கிறாங்க. விசா வேற, பாஸ்போர்ட் ஆயுசு வேற. அதோட விட்டுச்சா? மறுநாள் 25ஆம் தேதி திரும்ப சிங்கப்பூருக்குள்ள வர்றது புதுசா ஒரு நுழைவு. அங்க நவம்பர் 25 வரைக்கும் கேப்பாங்க. முதல் நாள் சரியா இருந்த அதே பாஸ்போர்ட் அஞ்சாம் நாள் பத்தாம போகுது. அதனால பயணத்துல கடைசியா எந்தத் தேதியில எந்த வெளிநாட்டுக்குள்ள நுழையுறீங்களோ, அந்தத் தேதியை வச்சு எண்ணுங்க.

எல்லா நாடும் இப்படி எண்ணாது. ஐரோப்பாவுல ஷெங்கன் நாடுகளுக்கு, நீங்க வெளியேறுற தேதியிலிருந்து மூணு மாசம் போதும். பத்து வருஷத்துக்குள்ள கொடுத்த பாஸ்போர்ட்டா இருக்கணும்னு ஒண்ணு இருக்கு, அது நம்ம பாஸ்போர்ட்டுக்குப் பிரச்சினை இல்லை. அதாவது இதே மே 20லிருந்து 27 வரைக்கும் நீங்க பாரிஸ் போறதா இருந்தா ஆகஸ்ட் 27 தாண்டினா சரி. சிங்கப்பூருக்கு ஆகாத பையன் பாஸ்போர்ட் பாரிஸுக்குத் தாராளமா ஆகும்! அமெரிக்கா இன்னும் வேடிக்கை. சட்டத்துல ஆறு மாசம்தான். ஆனா சில நாடுகளோட ஒப்பந்தம் வச்சு அதைத் தள்ளுபடி பண்றாங்க, அந்தப் பட்டியல்ல இந்தியாவும் இருக்கு. நாம தங்குற நாள் வரைக்கும் இருந்தா போதும்.

அதனால பார்க்கும்போது "ஆறு மாசம்"ங்கிற எண்ணை மட்டும் பார்க்காதீங்க, எங்கேயிருந்து எண்ணுறாங்கங்கிற வார்த்தையைப் பாருங்க. வர்ற தேதியிலிருந்தா, கிளம்புற தேதியிலிருந்தா? சிங்கப்பூருக்கு `ica.gov.sg`, அவங்க குடிநுழைவுத் துறையோட தளம், அங்க படிங்க. அப்புறம் ஐயாட்டா டிராவல் சென்டர் பக்கத்துல, இல்லைன்னா உங்க விமானக் கம்பெனி தளத்துல, உங்க நாடு, போற இடம், நடுவுல இறங்குற இடம் எல்லாம் போட்டுப் பாருங்க. ரெண்டும் வேற வேற சொன்னா கம்பெனிக்கு மெயில் போட்டு பதிலை எழுத்துல வாங்கி வச்சுக்கங்க. வாட்ஸ்அப்ல வர்ற நாடுகள் பட்டியலை நம்பாதீங்க, அதுல இந்த வந்தது-கிளம்பினது வித்தியாசமே இருக்காது.

உங்களுக்கு என் யோசனை: பையனுக்கு இப்பவே ரீஇஷ்யூ போடுங்க. முடிய ஒரு வருஷம் இருக்கும்போதே பாஸ்போர்ட் சேவா தளத்துல போடலாம். மிச்சம் இருக்கிற மாசங்களைப் புதுசுல கூட்டித் தர மாட்டாங்க, அந்த நஷ்டம் நஷ்டம்தான். வீட்டுக்காரருக்கும் சேர்த்துப் போட்டுடுங்க, இல்லைன்னா ஜோகூர் பாருவை விட்டுடுங்க. ஆனா சிங்கப்பூர் விசாவுக்கு இன்னும் கொடுக்கலைன்னா பொறுங்க. புது பாஸ்போர்ட்டுக்கு நம்பர் மாறிடும், சிங்கப்பூர் விசா அந்த நம்பரை வச்சுத்தான் வரும். பாஸ்போர்ட் கைக்கு வந்தப்புறம் விசா போடுங்க, ஜோகூர் போயிட்டுத் திரும்ப உள்ள வரணும்னா அது மல்டிப்பிள் என்ட்ரியான்னு பார்த்துக்கங்க. பயணத்துக்கு மூணு நாளுக்குள்ள நிரப்புற எஸ்ஜி அரைவல் கார்டுலயும் புது நம்பரைத்தான் போடணும். பழைய பாஸ்போர்ட்டைப் பார்த்து அப்படியே அடிச்சுட்டு வந்தவங்க நிறைய பேர்.