எந்த இடைவெளியை வெட்டலாம், எதை விட்டுவைக்க வேண்டும்?

கேள்வி: அண்ணா, மாடித்தோட்டம் பற்றி கேமரா முன்னாடி உட்கார்ந்து பேசித்தான் வீடியோ போடுறேன். பாதிப் பேர் சீக்கிரமே போயிடறாங்க. இடைவெளியெல்லாம் வெட்டிப் பார்த்தேன், தலை குதிக்குது, பார்க்கவே பதற்றமா இருக்கு. பேச்சுக்கு மேல பி-ரோல்னு வேற காட்சி வச்சாலும் ஒட்டவே மாட்டேங்குது. எங்கே வெட்டணும், எங்கே வேற காட்சி வைக்கணும்?

பதில்: நீங்கள் அனுப்பிய தக்காளி இலைச்சுருட்டல் வீடியோவையே எடுத்துக்கொள்கிறேன் தம்பி. அதில் ஓர் இடைவெளி கூட விடாமல் வெட்டியிருக்கிறீர்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. பேச்சில் வரும் இடைவெளி எல்லாம் ஒரே வகை கிடையாது. அடுத்து என்ன சொல்வது என்று நீங்கள் தேடுகிற இடைவெளி ஒன்று. ‘அது வந்து’, ‘ஆக்சுவலா’, பாதியில் விட்டு மறுபடி ஆரம்பித்த வாக்கியம் எல்லாம் அதைச் சேர்ந்தவை. தயங்காமல் வெட்டுங்கள். இன்னொன்று, நீங்கள் சொன்னதைக் கேட்பவர் மனதில் வாங்கிக்கொள்கிற இடைவெளி. அதை வெட்டினால் அவர் பின்தங்கிவிடுவார். நாலு தடவை பின்தங்கினால் வீடியோவை மூடிவிடுவார்.

உங்கள் வீடியோவில் ஓர் இடம் பாருங்கள். ‘இது வைரஸ், வந்த செடிக்கு மருந்து கிடையாது’ என்கிறீர்கள். உடனே, மூச்சுவிட நேரமில்லாமல், ‘அதனால பிடுங்கிடுங்க’ என்று வருகிறது. இரண்டு மாதம் தண்ணீர் ஊற்றி வளர்த்த செடியைப் பிடுங்கச் சொல்கிறீர்கள். கேட்பவருக்கு அது பெரிய செய்தி. அங்கே முக்கால் நொடி, ஒரு நொடி உங்கள் முகம் அப்படியே இருக்கட்டும். வேகம் என்பது எல்லாவற்றையும் நெருக்கிவைப்பது இல்லை. தெரிந்த விஷயத்தில் விறுவிறு என்று போய், கனமான விஷயத்தில் நிற்பதுதான் வேகம். ஒரே சீரான வேகம், அது எவ்வளவு விரைவாக இருந்தாலும், கொஞ்ச நேரத்தில் அலுத்துவிடும்.

அடுத்தது தலை குதிப்பது. ஒரே கோணம், ஒரே அளவு, தலை மட்டும் இரண்டு விரல் தள்ளி இருக்கிறது. மாற்றம் சின்னதாக இருப்பதால்தான் அது தவறு போலத் தெரிகிறது. அளவைக் கொஞ்சம் தைரியமாக மாற்றினால், வேண்டுமென்றே மாற்றியது என்று கண் ஏற்றுக்கொள்ளும். 4கே-யில் எடுத்து 1080 டைம்லைனில் எடிட் செய்தால், இருமடங்கு வரை பெரிதாக்கினாலும் படம் தெளிவாகவே இருக்கும். நமக்கு 120, 130 சதவீதமே போதும். 1080-இல் எடுத்திருந்தால் 115-க்கு மேல் போகாதீர்கள், முகம் மழுங்கிவிடும். பெரிதாக்கும்போது கண்கள் திரையில் முன்பு இருந்த உயரத்திலேயே இருக்கும்படி படத்தை நகர்த்தி வையுங்கள். பார்க்கிறவர் உங்கள் கண்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். கண் இடம் மாறாவிட்டால் வெட்டு பெரும்பாலும் தெரியாது.

ஆனால் ஒவ்வொரு வெட்டுக்கும் நெருங்குவது, விலகுவது என்று போகக் கூடாது. விளக்கம் சொல்லும் வரை அகன்ற படம், எச்சரிக்கையோ முடிவோ சொல்லும்போது நெருங்கிய படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அந்த நெருக்கத்துக்கே ஓர் அர்த்தம் வந்துவிடும்.

பதற்றமாக இருக்கிறது என்றீர்களே, அதில் பெரும்பங்கு படத்தால் வருவது இல்லை, சத்தத்தால் வருவது. கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். ஒவ்வொரு வெட்டிலும் பின்னால் ஓடும் ஃபேன் சத்தம் டக் டக் என்று மாறுவது கேட்கும். வெட்டு விழும் இடத்தில், ஒரு சத்தம் தேயத் தேய அடுத்தது ஏறும்படி, ஆடியோவுக்கு இரண்டு மூன்று ஃபிரேம் கிராஸ்ஃபேட் கொடுங்கள். எடுக்கும்போதே பேசாமல் அரை நிமிடம் அறையின் சத்தத்தை மட்டும் பதிவு செய்து, வெட்டுகளுக்கு அடியில் ஓடவிடுங்கள். அப்புறம், வார்த்தை தொடங்குவதற்கு ஒட்டி வெட்டாதீர்கள். 25 ஃபிரேம் வீடியோவில் ஒரு ஃபிரேம் 40 மில்லிநொடி. முன்னால் இரண்டு ஃபிரேமாவது விட்டால்தான் ‘பிடுங்கிடுங்க’வில் இருக்கிற ‘பி’ முழுதாகக் கேட்கும். முடிவில் இன்னும் தாராளமாக, நாலைந்து ஃபிரேம் விடுங்கள். நம் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. செய்யவா வேண்டாமா என்பதே அந்தக் கடைசி அசையில்தான் தெரியும், பேசும்போது குரல் இறங்குவதும் அங்கேதான்.

இனி பி-ரோல். நீங்கள் ‘வெள்ளை ஈ’ என்று சொல்லும்போது திரையில் நீங்கள் பூவாளியில் தண்ணீர் ஊற்றுகிறீர்கள். அழகான காட்சிதான், ஆனால் காது ஒன்றைக் கேட்கிறது, கண் வேறொன்றைப் பார்க்கிறது. அதனால்தான் ஒட்டவில்லை. வெட்டை மறைக்கத்தானே வைத்தோம் என்று நினைக்காதீர்கள். பேச்சால் காட்ட முடியாததைக் காட்டுவதுதான் பி-ரோலின் முதல் வேலை. வெட்டு மறைவது அதோடு சேர்ந்து கிடைப்பது.

அந்தப் பகுதியை நானாக இருந்தால் இப்படி அடுக்குவேன். ‘இலை மேல்பக்கமா சுருண்டு, சிறுத்துப் போயிருக்கும்’ என்று நீங்கள் பேசத் தொடங்கும்போது முகம். ‘இலை’ என்ற சொல் வந்தவுடனேயே நோய் வந்த செடியின் நுனிக்கு மாறுவேன், வாக்கியம் முடியக் காத்திருக்க மாட்டேன். பொருளின் பெயர் முன்னால் வந்துவிடுகிறது, வினை வருவதற்குள் கண் அந்தப் பொருளைத் தேடிக்கொள்ளும். நாலு நொடி. அடுத்து ‘காரணம் வெள்ளை ஈ, இலைக்கு அடியில இருக்கும்’. அதற்கு ஒரு கை இலையைத் திருப்பும் நெருக்கமான காட்சி. இங்கே ஐந்தாறு நொடி வேண்டும், ஏனென்றால் ஈ மிகச் சின்னது, கண்டுபிடிக்க நேரம் ஆகும். பார்ப்பதற்கு என்ன இருக்கிறதோ அதுதான் காட்சியின் நீளத்தை முடிவு செய்யும். பூத்தொட்டி என்றால் இரண்டு நொடியே அதிகம். ‘வந்த செடிக்கு மருந்து கிடையாது’ என்ற இடத்தில் மறுபடி உங்கள் முகம், நெருக்கத்தில். அங்கே எந்தக் காட்சியும் வைக்க மாட்டேன். பார்ப்பவர் உங்களை நம்பிச் செடியைப் பிடுங்கப்போகிறார், உங்கள் கண்ணைப் பார்த்தாக வேண்டும். கடைசியாகப் பிடுங்கும் காட்சி. பிடுங்கும் சத்தத்தை அரை நொடி முன்னாலேயே, முகம் தெரியும்போதே கேட்கவிடுவேன். சத்தம் முதலில், படம் பிறகு. இதைத்தான் ஜே கட் என்கிறார்கள். நீங்கள் மௌனமாக இருக்கும் அந்த ஒரு நொடியின் முடிவில் இது வந்தால், அந்த மௌனம் வெறுமையாகத் தெரியாது.

மூன்று நொடிக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று சிலர் சொல்வதைப் பின்பற்ற வேண்டாம். யூடியூப் ஸ்டூடியோவில், எத்தனை பேர் எதுவரை பார்த்தார்கள் என்று காட்டும் உங்கள் ரிடென்ஷன் கிராஃபைத் திறந்து, கோடு திடீரென்று விழும் இடத்தில் வீடியோவை ஓட்டிப் பாருங்கள். மெதுவாகச் சரிவது எல்லா வீடியோவிலும் இருக்கும், அதை விடுங்கள். நீங்கள் அனுப்பிய கிராஃபில் பெரிய வீழ்ச்சி 20-ஆவது நொடியில் இருக்கிறது. அங்கே நீங்கள் சேனலைப் பற்றியும் பெல் ஐகான் பற்றியும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அதை எடிட்டால் சரிசெய்ய முடியாது, ஜூம் போட்டாலும் பி-ரோல் போட்டாலும் போகிறவர் போவார். அந்தப் பகுதியை முழுதாக எடுத்துவிட்டு, சுருண்ட இலையைக் கையில் பிடித்தபடி முதல் வாக்கியத்தைத் தொடங்குங்கள்.